பேத்தியின் சம்பளச் சீட்டு

ஆனி மாதக் கடைசியில் என் பேத்தி சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். வயது இருபத்திரண்டு. ஆர்டரில் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் என்று போட்டிருந்தது. என் மனைவி அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 35,000 என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டாள். முதல் மாதம் பிள்ளையின் கணக்கில் விழுந்தது பதினாறாயிரத்துச் சொச்சம். "தாத்தா, என்னை ஏமாத்திட்டாங்களா?" என்று போனில் கேட்டாள். அந்த வாரம் ஊருக்கு வரும்போது சம்பளச் சீட்டையும் ஆர்டரையும் எடுத்து வரச் சொன்னேன்.

முப்பத்தாறு வருஷம் புதுச்சேரி அரசு அலுவலகங்களில் குமாஸ்தாவாக இருந்து, அதில் பாதிக்காலம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். சம்பளச் சீட்டு என்றால் இன்றைக்கும் கை பரபரக்கும்.

யாரும் ஏமாற்றவில்லை. அவள் சேர்ந்தது ஜூலை 14. முதல் மாதம் பதினெட்டு நாள் சம்பளம்தான். ஆனால் முழு மாதமானாலும் 35,000 வராது. அந்த 4,20,000-க்குள் வருஷக் கடைசியில் வேலையைப் பார்த்துத் தருகிற 30,000 இருக்கிறது. மாதாமாதம் கம்பெனி தன் பங்காகக் கட்டும் வைப்புநிதி 1,800 இருக்கிறது. ஐந்து வருஷம் வேலை செய்தால் கிடைக்கும் பணிக்கொடைக்காக ஒதுக்கும் எழுநூற்றுச் சொச்சமும் இருக்கிறது. இவையெல்லாம் போக மாதம் 30,000-க்கு ஒரு இருபது ரூபாய் குறைவு. அதில் அவள் பங்கு வைப்புநிதி 1,800 பிடித்தால் கைக்கு 28,000 சொச்சம். பங்கு போட வேண்டியது இந்த 28,000-ஐத்தான். 35,000 என்று மனதில் வைத்துக்கொண்டு விடுதி பார்த்தவர்கள், போன் வாங்கியவர்கள் எல்லாரும் இரண்டாம் மாதமே தடுமாறுகிறார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பையிலிருந்து இன்னொரு காகிதம் வந்தது. சம்பளக் கணக்கு தொடங்கிய வங்கியில் ஒரு பையன் சேமிப்புத் திட்டம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறான். மாதம் 4,000, பத்து வருஷம் கட்ட வேண்டும். இருபதாவது வருஷம் கட்டியது இரட்டிப்பாக வரும். ஆயுள் காப்பீடும் உண்டு, வருமான வரியும் மிச்சம். முதலில் இரண்டு மாதத் தவணை 8,000 எடுத்தாகிவிட்டது. வந்த பதினாறாயிரத்தில் பாதி. மீதியில் விடுதி வாடகை கொடுத்துவிட்டு அம்மாவிடம் இரண்டாயிரம் கேட்டிருக்கிறாள்.

"சேமிக்கிறது நல்லதுன்னு நீங்கதானே தாத்தா சொல்லுவீங்க" என்றாள்.

சொன்னவன்தான். எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு 1975-ஆம் வருஷம் ஞாபகம் வந்துவிட்டது.

1974 தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் வந்தது 280 ரூபாய். பொது வைப்புநிதிக்கு மாதம் 20 ரூபாய் பிடிக்கச் சொன்னேன். அலுவலகத்துக்கு வந்துபோகும் ஒரு ஏஜெண்ட்டிடம் மாதம் 25 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு எடுத்தேன். மீதியில் என் கைச்செலவு போக வீட்டில் கொடுத்தேன். நாற்பத்தைந்து ரூபாய் சேமிக்கிற பிள்ளை என்று அப்பாவுக்குப் பெருமை. அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் பின்கட்டுச் சுவர் விழுந்தது. கூரையைத் தாங்கிய சுவர் அது. கொத்தனார் 500 ரூபாய் கேட்டார். வைப்புநிதிக் கணக்கில் 400 ரூபாய் இருந்தது, முன்பணமாகப் பாதிக்குமேல் கிடையாது, அதுவும் மேலே போய்க் கையெழுத்தாகி வர வேண்டும் என்றார்கள். காப்பீட்டில் மூன்று வருஷம் கட்டியிருந்தால்தான் கடனோ சரண் தொகையோ. நான் கட்டியிருந்தது இருபது மாதம். அம்மா ஒன்றும் பேசாமல் இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். இரண்டு வட்டிக்கு அடகு வைத்தேன். மீட்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. வட்டி மட்டும் 180 ரூபாய். அந்த ஒன்றரை வருஷமும் வைப்புநிதியிலும் காப்பீட்டிலும் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டேதான் இருந்தேன். சேமிப்பும் இருந்தது, கடனும் இருந்தது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அங்கே கணக்கு வாத்தியார் இரண்டு சொற்களைக் கலக்கவே விடமாட்டார். செலவழிக்காமல் மிச்சம் பிடித்து வைப்பது 'எபார்ஞ்'. அந்த மிச்சத்தை எங்கேயாவது கொண்டுபோய் வேலைக்கு விடுவது 'பிளாஸ்மான்'. நாம் இரண்டையும் சேமிப்பு என்றே சொல்லிவிடுகிறோம். வங்கிப் பையன் சொன்ன 'சேமிப்புத் திட்ட'மும் அப்படித்தான். சின்ன வயதில் மனப்பாடம் பண்ணிய இந்தப் பாடம் எனக்கு விளங்கியது அடகுக்கடை வாசலில்தான்.

பிள்ளையிடம் முதலில் அந்தத் திட்டத்தின் கணக்கைப் போட்டுக் காட்டினேன். மாதம் 4,000 பத்து வருஷம் என்றால் 4,80,000. இருபதாம் வருஷம் 9,60,000. இரட்டிப்பு என்பது பொய்யில்லை. ஆனால் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பு? முதல் தவணை இருபது வருஷம் உள்ளே கிடக்கிறது, கடைசித் தவணை பத்து வருஷம். சராசரி பதினைந்து. பணம் இரட்டிக்கிற வருஷத்தால் 72-ஐ வகுத்தால் கூட்டு வட்டி சுமாராகத் தெரிந்துவிடும். 72-ஐ 15-ஆல் வகுத்தால் 4.8. ஐந்து சதவீதம்கூட இல்லை. தபால் நிலைய ஆர்.டி. இப்போது 6.7 தருகிறது. பொது சேமநல நிதி 7.1. நண்பர்கள் வீட்டில் யாராவது இப்படிக் காகிதம் கொண்டுவந்தால் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பாருங்கள், கால்குலேட்டர்கூட வேண்டாம்.

அடுத்தது வரி மிச்சம். அவள் வருமானத்துக்கு வரியே கிடையாது. புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரி வருவதில்லை. பழைய முறையில் பார்த்தாலும் 5 லட்சத்துக்குள் இருப்பவருக்குத் தள்ளுபடியில் போய்விடும். கட்டாத வரியில் என்ன மிச்சம் பிடிப்பது? காப்பீடு என்று பார்த்தால், அவளை நம்பி யாரும் இல்லை. என் மகன் இன்னும் வேலையில்தான் இருக்கிறான். நாளைக்கு அவளை நம்பி ஒரு குடும்பம் வந்தால், திரும்பப் பணம் எதுவும் வராத, வெறும் காப்பீடு மட்டுமான டெர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தவணையும் குறைவு.

நல்லவேளை, பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து முப்பது நாளைக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அவளுக்குப் பத்திரம் மின்னஞ்சலில் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. வங்கிக்குப் போகாதே, அவர்கள் விற்றவர்கள், பேசி மனதை மாற்றுவார்கள், காப்பீட்டுக் கம்பெனிக்கே நேராக எழுது என்றேன். காரணம், பாலிசி எண், பத்திரம் வந்த தேதி, ரத்துச் செய்த காசோலை எல்லாம் வைத்து மின்னஞ்சல் அனுப்பினாள். வங்கியில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கக் கொடுத்திருந்த உத்தரவையும் ரத்து செய்தாள். இதை மறந்தால் பாலிசி போன பிறகும் பணம் போய்க்கொண்டிருக்கும்.

சரி, இப்போது அந்த 28,000. அவளையே ஒரு மாதச் செலவை எழுதச் சொன்னேன். விடுதி சாப்பாட்டோடு 9,500. அலுவலகம் போய்வர 1,200. மாதம் இரண்டு முறை ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஊருக்கு வந்துபோக 800. போனுக்கு 350. விடுதிச் சாப்பாடு பிடிக்காத நாளைக்கு வெளியே சாப்பிட 2,000. சோப்பு, மருந்து, இதர சில்லறை 1,150. வீட்டுக்கு 4,000 கொடுக்க வேண்டும் என்று அவளே எழுதியிருந்தாள். என் மகன் வேண்டாம் என்றான். கொடுக்கட்டும் விடு என்றேன். ஆக 19,000. மிச்சம் 9,000.

பத்திரிகைகளில் ஐம்பது, முப்பது, இருபது என்று சதவீதம் போட்டு எழுதுகிறார்கள். வீட்டிலிருந்தே வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் விடுதியில் இருக்கிற பிள்ளைக்கும் ஒரே சதவீதம் எப்படிப் பொருந்தும் என்று எனக்குப் புரிவதில்லை. என் கேள்வி வேறு. இந்த 9,000-ஐ எந்த வரிசையில் பிரிப்பது என்பதுதான்.

பூட்டிய பணம் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. வைப்புநிதியில் அவள் பங்கு 1,800. கம்பெனி பங்கு 1,800-ல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், மீதி 550 இவள் கணக்கில் சேரும். மாதம் 2,350, கேட்காமலே சேர்கிறது. சென்ற ஆண்டுகளில் 8.25 சதவீதம் வட்டி கொடுத்திருக்கிறார்கள். வேலை மாறும்போது பிள்ளைகள் இதை எடுத்து டூர் போய்விடுகிறார்கள். ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் வரி விவகாரமும் வரும். அந்த யு.ஏ.என். எண் ஆயுளுக்கும் ஒன்றுதான், புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவள் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். நாமினி பெயரையும் அப்போதே ஏற்றச் சொன்னேன். நாமினி இல்லாத கோப்புகளோடு அலைந்த விதவைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நீண்டகாலப் பூட்டு ஒன்று இருப்பதால், அடுத்து வேண்டியது பூட்டில்லாத பணம். என் பின்கட்டுச் சுவர் மாதிரி அவளுக்கும் ஒன்று வரும். வேலையே போகலாம், கையை முறித்துக்கொள்ளலாம். மூன்று மாதச் செலவு, அதாவது 57,000 கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மாதம் 5,000 போட்டால் ஒரு வருஷத்தில் 60,000.

எங்கே போடுவது என்பதில் எனக்கும் மனைவிக்கும் வாக்குவாதம். அவள் தபால் நிலைய ஆர்.டி. என்றாள். நம் வயதுக்காரர் எல்லாருக்கும் தபால் நிலையத்தில் ஒரு பிரியம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அது ஐந்து வருஷக் கணக்கு, மூன்று வருஷம் ஆகாமல் மூட விடமாட்டார்கள். பொது சேமநல நிதியில் ஏழாவது நிதியாண்டில்தான் முதலில் எடுக்க முடியும். இரண்டும் நல்லவைதான். ஆபத்துக்கு உதவாதவை, அவ்வளவே. ஆகவே வங்கியில் ஒரு வருஷ ஆர்.டி. அதை இடையில் உடைத்தால் வட்டியில் கொஞ்சம்தான் குறையும், முதல் அப்படியே வரும். அதையும் சம்பளம் விழுகிற வங்கியில் வேண்டாம், வேறு வங்கியில், போனிலிருந்து தட்டினால் போகிற யு.பி.ஐ. இணைக்காத கணக்கில் என்று முடிவாயிற்று. வங்கி கவிழ்ந்தாலும் 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது.

தேதி ஒரு சின்ன விஷயம், ஆனால் அதில்தான் தவறு நடக்கும். சம்பளம் மாதக் கடைசி வேலை நாளில் வருகிறது. ஆர்.டி.க்கு 1-ஆம் தேதி என்று கொடுக்கப் போனாள். ஒரு மாதம் சம்பளம் ஒருநாள் தள்ளி வந்தால் பணமில்லாமல் திரும்பும், அதற்கு வங்கி தண்டம் போடும். 5-ஆம் தேதி என்று மாற்றினோம். அதற்குமேல் தள்ளினால் பணம் இருக்காது. மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்ப்பேன் என்று சொன்ன ஒருவர் கையிலும் எதுவும் மிஞ்சி நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

9,000-ல் 5,000 போக 4,000. அதில் 1,000 மட்டும் முதலீடு. நிஃப்டி ஐம்பது கம்பெனிகளிலும் அதே விகிதத்தில் போட்டுவைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில், மாதாமாதம் எஸ்.ஐ.பி. ஏஜெண்ட் கமிஷன் இல்லாத 'டைரக்ட்' வகை. இவ்வளவு கொஞ்சமா என்றாள். அலுவலக நண்பர்கள் பத்தாயிரம் போடுகிறார்களாம், பதினைந்து சதவீதம் வருகிறதாம். 2008 ஜனவரியில் இருந்த உச்சத்திலிருந்து அக்டோபருக்குள் அந்தக் குறியீடு பாதிக்கும் கீழே போனது. நான் ஓய்வுபெறும் நேரம் அது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் போட்டிருந்தார். தை மாதம் கல்யாணம், காத்திருக்க முடியவில்லை, விழுந்த விலைக்கே விற்றார். காத்திருக்க முடிந்தவர்களுக்குச் சில வருஷங்களில் திரும்பி வந்தது. ஏழு வருஷத்துக்குள் வேண்டாத பணம்தான் அங்கே போக வேண்டும். அவளுக்கோ இன்னும் ஆபத்துப் பணமே சேரவில்லை. ஆயிரம் ரூபாய் போட்டால், அது எண்ணூறாகிற ஒரு மாதத்தில் தனக்குத் தூக்கம் வருகிறதா என்று தெரிந்துகொள்வாள். அந்தப் பாடத்தை ஆயிரத்தில் படிப்பது மலிவு. 60,000 சேர்ந்த பிறகு ஆர்.டி.க்குப் போன 5,000-ஐ இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், அதில் ஒரு பாகத்தைச் சேமநல நிதியிலும் போடலாம்.

மிச்சம் 3,000 அவள் இஷ்டம். இதில் நான் தலையிடவில்லை. கையைக் கட்டிப்போட்டால் நாலாம் மாதம் ஆர்.டி.யை உடைத்துவிடுவார்கள். தவணையில் போன் வாங்கலாமா என்று மட்டும் கேட்டாள். இந்த 3,000-க்குள் தவணை அடங்கினால் வாங்கிக்கொள், ஆர்.டி.யைக் குறைத்து வாங்காதே என்றேன். கணக்குப் பார்த்துவிட்டுப் பழைய போனுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டாள்.

என் மனைவி விடவில்லை. பெண் பிள்ளை, நகைச்சீட்டு போட வேண்டாமா என்றாள். கடையில் பதினோரு மாதம் கட்டி நகை எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது நகை வாங்குகிற செலவு, முதலீட்டில் சேராது. திரும்ப விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் போய்விடும். கட்டிக்கொண்டிருக்கும்போதே கடை மூடிவிட்டால் வங்கிக்கு இருக்கிற வைப்புக் காப்பீடு அதற்குக் கிடையாது. போட்டால் அந்த 3,000-ல் போடட்டும் என்றேன். பாட்டியும் பேத்தியும் மாதம் 1,000-க்கு ஒத்துக்கொண்டார்கள். அம்மாவின் வளையல் கதையை அவர்களிடம் நான் அப்போதுதான் சொன்னேன். வீட்டில் அவசரத்துக்கு உதவியது கடைசியில் தங்கம்தானே என்று மனைவி மடக்கினாள். மறுக்க முடியவில்லை. ஆனால் அது அம்மாவின் கையில் இருந்த தங்கம். என் சேமிப்பு அன்றைக்கு என் கையில் இல்லை.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து இரண்டு தடவை ஆள் போன் பண்ணி, வேண்டாம் மேடம், நல்ல திட்டம் என்று பேசிப் பார்த்தார்கள். எழுத்தில் அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். அப்படியே சொன்னாள். மூன்றாவது வாரம் முத்திரைக் கட்டணம், அத்தனை நாள் காப்பீட்டுக்கான தொகை என்று முந்நூறு ரூபாய் போலப் பிடித்துக்கொண்டு மீதி வந்தது. அதில் அம்மாவிடம் வாங்கிய 2,000-ஐத் திருப்பிக் கொடுத்தாள். 5,000 ஆர்.டி.யின் முதல் தவணை ஆயிற்று. மிச்சத்தில் பாட்டிக்கு ஒரு சுங்கடிப் புடவையும், எனக்கு என் பேனாவுக்கான மை பாட்டில் ஒன்றும் வாங்கி வந்தாள்.